ரசப்பொடி ரீல்: வாயால் எது, திரையில் எது, கேப்ஷனில் எது?

பொடிக்கடை அக்கா
வீட்டில் பொடி அரைத்து விற்கிறேன். போன மாதம் ரசப்பொடிக்கு 40 விநாடியில் ஒரு ரீல் போட்டேன். மல்லி ஒரு கப், துவரம்பருப்பு, மிளகு, சீரகம் தலா கால் கப், மிளகாய் 15 என்று வாயால் சொல்லிக்கொண்டே போனேன், அதையே திரையிலும் ஐந்து வரியாக எழுதினேன். கேப்ஷனில் "நம்ம வீட்டு ரசப்பொடி" என்பதோடு விலை மட்டும். வந்த கமெண்டில் பாதி "அளவு சொல்லுங்க அக்கா"! அதான் சொல்லியிருக்கேனே என்று கோபம் வந்தது. அப்புறம் வேறு ஃபோனில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடைசி இரண்டு வரிகளும் கணக்குப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. மற்ற மூன்றையும் படித்து முடிப்பதற்குள் வாணலியில் மல்லி சிவந்துவிட்டது, அந்த நிறத்தைக் காட்டத்தான் ரீலே எடுத்தேன். நீங்கள் எல்லாம் எதை எங்கே வைக்கிறீர்கள்?

ஊர்சுற்றி
நான் வாய்ஸ் ஓவரை விட்டு ரொம்ப நாளாகிறது. பஸ்ஸில், ஆபீஸில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். என் கோயில் ரீல்களில் நடை திறக்கும் நேரம், பஸ் நம்பர் எல்லாம் திரையில்தான், பின்னால் நாதஸ்வரம். எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள் அக்கா.

வெட்டி ஒட்டுபவன்
கோயிலுக்கு அது சரி தம்பி, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வரி படிக்கலாம். வறுப்பதைப் பார்க்கும்போது கண் வாணலியை விட்டு நகரக்கூடாது. சமையல் ரீல்களை நான் எடிட் செய்யும்போது, கண்ணுக்குத் தெரியாததைத்தான் குரலுக்குக் கொடுப்பேன். "துவரம்பருப்பு வாசம் வரணும்", "மிளகு வெடிக்க ஆரம்பிச்சதும் இறக்கிடுங்க", "சீரகத்தைக் கடைசியில் போடுங்க, சீக்கிரம் கருகிடும்" இந்த மாதிரி. அளவை வாயால் சொன்னால் யாருக்கும் நிற்காது. அந்தந்தப் பொருள் விழும் நொடியில் "மிளகு ¼ கப்" என்று இரண்டு சொல் மட்டும் திரையில் வரட்டும், நீங்களே நிதானமாக இரண்டு தடவை வாசிக்கும் நேரம் நிற்கட்டும். இடம், நடுவுக்குக் கொஞ்சம் மேலே. கீழ்ப்பக்கம் பெயரும் கேப்ஷனும் மறைக்கும், வலது ஓரத்தை லைக் பட்டன்கள் மறைக்கும்.

முழுப் பட்டியல் கேப்ஷனுக்குப் போகட்டும், சமைக்கும்போது திறந்துவைத்துப் பார்க்க அதுதான் வசதி. விரிக்காமல் தெரிவது முதல் வரிதான், அதனால் "அளவுகள் கீழே" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். விலையைக் கேப்ஷனில் வைத்தது நல்லது, மிளகு விலை ஏறினால் கேப்ஷனைத் திருத்திவிடலாம், போட்ட வீடியோவைத் திருத்த முடியாது. கடைப் பெயர் மட்டும் திரையில் இருக்கட்டும். யாராவது இறக்கி வாட்ஸப்பில் அனுப்பினால் கேப்ஷன் கூடவே போகாது.

புதுமுகம்
கேப்ஷன் தானாக வர எடிட்டிங் ஆப்பில் ஒரு பட்டன் இருக்கிறதே, அதைத் தட்டினால் பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடும். ஆனால் எனக்கு "தனியா" என்று சொன்னால் "தனியாக" என்று வருகிறது, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது.

வெட்டி ஒட்டுபவன்
நீங்கள் சொல்வது சப்டைட்டில். அக்கா கேட்பது ரீலுக்குக் கீழே நாம் எழுதும் கேப்ஷன். இரண்டுக்கும் அதே பெயர் புழங்குவதால் வரும் குழப்பம். தமிழில் தானாக வருவதை ஒரு முறை முழுக்கப் படிக்காமல் விடாதீர்கள்.

மலர்க்கொடி
ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கைக்குக் காது கேட்காது, சமையல் ரீல்கள் நிறையப் பார்ப்பாள். இறக்கும் பதத்தைக் குரலில் மட்டும் வைத்தால் அவளுக்கு எதுவும் கிடைக்காது. போன வாரம் அப்படி ஒரு ரீலைப் பார்த்துச் சீரகத்தை முதலிலேயே போட்டுக் கருக்கிவிட்டாள், பொடி முழுக்கக் கசப்பு.

ஊர்சுற்றி
இதைத்தான் நானும் சொன்னேன், எழுதிவிடுங்கள் என்று.

வெட்டி ஒட்டுபவன்
மலர் சொல்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. தப்பினால் பொடியே கெட்டுப்போகும் இடம் இதில் இரண்டுதான்: மிளகு வெடிப்பதும் சீரகத்தைக் கடைசியில் போடுவதும். அந்த இரண்டை மட்டும் திரையிலும் போடலாம். குரல் முழுவதையும் சப்டைட்டிலாக ஓடவிட்டால் அது அளவின்மேல் போய் விழும்.

மலர்க்கொடி
அவளிடம் கேட்டேன். முழுதும் ஓடினால்தான் நல்லது என்கிறாள், இரண்டு வரி போதாதாம்.

பொடிக்கடை அக்கா
நேற்று மறுபடி எடுத்தேன். பேச்சைக் குறைத்ததில் மல்லி பொரியும் சத்தமே நன்றாகக் கேட்கிறது. அளவுகள் மேலே இரண்டிரண்டு சொல்லாக வருகின்றன. சப்டைட்டிலை முழுதும் ஓடவிட்டுப் பார்த்தேன், நடுவில் வைத்தால் வாணலி மறைகிறது, கீழே வைத்தால் பெயருக்குள் போய்விடுகிறது. கேமராவைக் கொஞ்சம் தள்ளிவைத்து, வாணலிக்கு மேலே இடம் விட்டு எடுத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்குமா என்று நாளைக்குப் பார்க்கிறேன். மலர், போடுவதற்கு முன்னால் தங்கைக்கு ஒரு தடவை அனுப்பட்டுமா?