மாற்றுவீதம் ஏறி இறங்குவதால் வரும் தொகைக்கு என்ன பெயர்?

மட்டக்களப்பிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டுச் சந்தையில் உள்ள பங்குகளை ரூபாவில் காட்டும் டாஷ்போர்ட் ஒன்றுக்குத் தமிழ் முகப்பு செய்கிறேன். மற்றச் சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன, ஒரேயொரு நிரலின் தலைப்பில்தான் இரண்டு நாளாக நிற்கிறேன்.

ஒருவர் 2022 தொடக்கத்தில், டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது, நியூயோர்க் சந்தையில் 100 டொலர் விலைக்கு 10 பங்கு வாங்கினார் என்று வைப்போம். போட்ட காசு 200,000 ரூபா. இப்போது பங்கு 90 டொலர், டொலர் 300 ரூபா. திரையில் பெறுமதி 270,000, பக்கத்தில் பச்சையில் +70,000. பங்கு இறங்கியிருக்கிறது, மனிசன் இலாபம் என்று சிரிப்பார். அதனால் அந்த 70,000ஐ இரண்டாகப் பிரித்து, பங்கு விலையால் வந்தது எவ்வளவு, ரூபா விழுந்ததால் வந்தது எவ்வளவு என்று காட்ட வேண்டும். இரண்டாவதுக்கு இப்போதைக்கு 'நாணய இலாபம்' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

கல்முனையிலிருந்து

தம்பி, பெயரிலேயே இலாபம் என்று எழுதிவிட்டால் ரூபா பலப்படுகிற நாளில் 'நாணய இலாபம் −40,000' என்று வரும். அதை மாற்றி 'நாணய இழப்பு' என்று போட்டால் எங்கட வாப்பா யார் நாணயம் கெட்டவன் என்றுதான் கேட்பார். 'செலாவணி வேறுபாடு' என்று போடுங்கள், கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் பழகின சொல். வங்கி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து

இதைத்தான் நானும் கேட்க இருந்தேன். அம்மாவின் பெயரில் 5,000 டொலர் வைப்பில் இருக்கிறது. 2022 நடுப்பகுதியில் டொலர் 360 அளவில் நின்றபோது 18 இலட்சம் என்று காட்டியது. 2024 முடிவில் 293 அளவுக்கு வந்தபோது 14 இலட்சத்து 65 ஆயிரம், பக்கத்தில் சிவப்பு. ஒரு டொலரும் எடுக்கவில்லை, வட்டி வேறாக வருகிறது. அம்மா மூன்று நாளாக "வங்கிக்காரன் எடுத்திட்டானா" என்று கேட்டுக்கொண்டிருந்தா. எப்போது ரூபாவாக மாற்றினால் நல்லது என்றும் உங்கள் டாஷ்போர்ட் சொல்லுமா?

அக்கரைப்பற்றிலிருந்து

அக்கா, எப்போது மாற்றுவது என்று அது சொல்லாது, சொன்னால் நம்பவும் வேண்டாம். ஆனால் உங்கள் அம்மாவின் கணக்கு தம்பிக்கு நல்ல சோதனை. டொலர் வைப்புக்கு விலை ஏற்ற இறக்கம் இல்லை, ஆகவே விலை நிரலில் பூச்சியமும் மற்ற நிரலில் முழு −335,000மும் வரவேண்டும். வேறு ஏதாவது வந்தால் நிரல் பிழை.

கல்முனையார் சொன்ன இடைவெளி இதற்குள் வராது. அது மாற்றும்போது கொடுக்கும் செலவு, வீதம் ஒரு சதம் அசையாவிட்டாலும் போகும்.

இப்போது தம்பியின் 70,000. பங்குக்கு 10 டொலர் இறக்கம், மொத்தம் 100 டொலர், வாங்கிய நாள் வீதத்தில் 20,000 ரூபா போய்விட்டது. போட்ட 1,000 டொலருக்கு வீதம் 100 ரூபா ஏறியதில் 100,000 வந்தது. கூட்டினால் 80,000! திரையில் 70,000. மிச்சம் 10,000 எங்கே? இறங்கிப்போன அந்த 100 டொலர் இப்போது கையில் இல்லை, அதற்கும் வீத ஏற்றத்தைக் கொடுத்துவிட்டீர்கள். நான் என்றால் இன்று கையிலுள்ள 900 டொலருக்கு மட்டும் வீதக் கணக்குப் பார்த்து −20,000, +90,000 என்று காட்டுவேன். விலை இறக்கத்தை இன்றைய வீதத்தில் பார்த்து −30,000, +100,000 என்று காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் 70,000தான், ஆனால் எது என்று முடிவெடுக்காமல் பெயர் வைத்தால் பெயரும் ஆடும்.

பெயருக்கு வந்தால், 'நாணய விளைவு' பரவாயில்லை. 'வீத விளைவு' என்றால் வட்டிவீதம் என்று நினைப்பார்கள். 'மாற்றுவீதப் பங்கு' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ புதுவகைப் பங்கு விற்பனைக்கு வந்ததுபோல் இருந்தது. பெயர்ச்சொல்லே ஏன்? வேற்றுமை உருபைப் போட்டு 'விலையால்', 'மாற்றுவீதத்தால்' என்று இரண்டு நிரல். கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும்.

கல்முனையிலிருந்து

இடைவெளி விஷயம் சரி, என் பிழை. ஆனால் நிரல் தலைப்புக்கு 'ஆல்' ஓகே, கலைச்சொல் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? 'மாற்றுவீதத்தால்' என்று ஒரு பதிவா? பட்டியலுக்கு நான் இன்னும் 'செலாவணி வேறுபாடு' பக்கம்தான்.

மட்டக்களப்பிலிருந்து

'விலையால் −20,000', 'மாற்றுவீதத்தால் +90,000' என்று போட்டுப் பார்த்தேன். வீட்டில் காட்டினேன், விளக்கம் கேட்காமலே "அப்ப பங்கு விழுந்திருக்கு" என்றார்கள். அக்காவின் அம்மா கணக்கையும் போட்டேன், விலையில் பூச்சியம் வருகிறது. கைப்பேசியில்தான் 'மாற்றுவீதத்' என்று ஒரு வரி, 'தால்' என்று அடுத்த வரி. 'வீதத்தால்' என்று சுருக்க மனமில்லை, வட்டிவீதம் என்று நினைத்துவிடுவார்கள். நிரலை அகலமாக்கிப் பார்க்கிறேன். பட்டியலுக்கு 'மாற்றுவீத விளைவு' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.