புதுப்பிப்பு: மாமா மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைத்தது

என் கேள்வி: "திங்கள் காலை மதுரையில் மாமா மகள் கல்யாணம். மறந்தே போனேன், இன்று வெள்ளி. மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா சொன்ன வழிதான் பலித்தது: "லீவு கேட்கும் முன்னால் உன் வேலையை யார் பார்ப்பார்கள் என்று முடிவு செய்துகொள்."

திங்களன்று நான் அனுப்ப வேண்டியது ஒரு ஸ்டாக் அறிக்கை மட்டும்தான். பக்கத்து சீட் நண்பர் ஒப்புக்கொண்டார். அவர் அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது நான் அவர் வேலையைப் பார்க்க வேண்டும். அப்புறம் மேனேஜரிடம் நேரில் போய், "சார், தேதியைக் கவனிக்காதது என் தப்பு. முகூர்த்தம் திங்கள் காலையில், செவ்வாய் காலை வந்துவிடுவேன்" என்றேன். அறிக்கை பற்றி மட்டும் கேட்டுவிட்டு, மெயில் போடச் சொன்னார்.

எதிர்பாராதது ஒன்று. ஈட்டிய விடுப்பாக விண்ணப்பித்தேன், ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லை என்று போர்ட்டல் திருப்பிவிட்டது. தற்செயல் விடுப்பாக மாற்றியதும் ஏற்றுக்கொண்டது.

"தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி வருடத்துக்கு 12 நாள் உண்டு, மறுக்க முடியாது" என்றார் ஒருவர். நாள் கணக்கு சரிதான். ஆனால் கேட்ட தேதியிலேயே தர வேண்டுமா என்பதில் இங்கே யாரும் ஒத்துப்போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லும் யோசனையை நான் எடுக்கவில்லை, கல்யாண போட்டோவில் நான் இருப்பேனே. எனக்குத்தான் கல்யாணம் என்று நினைத்து வாழ்த்தியவருக்கும் நன்றி.

சனி, ஞாயிறு லீவில் சேருமா என்று கேட்டவருக்கு: எங்கள் அலுவலகத்தில் சேர்க்கவில்லை, ஒரு நாள்தான் கழிந்தது.