புதுப்பிப்பு: ஆசிரியர் கூட்டப் பதிவும் பாக்கிப் பாடங்களும்

நான் கேட்டிருந்தது: “கூட்டத்தில் பேசிய ஆடியோவிலிருந்து, எந்த வகுப்புக்கு யார் எந்தப் பாடத்தைப் பாக்கி வைத்திருக்கிறார் என்று எப்படிப் பிரிப்பது?”

குடியாத்தத்தில் எங்கள் பள்ளியின் பாக்கிப் பாடப் பட்டியல் தயார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொன்னபடி, வகுப்போடு பிரிவுக்கும் தனி வரி போட்டேன். அதுதான் காப்பாற்றியது. பத்தாம் வகுப்புக் கணக்கு சார் “முக்கோணவியல் முடிச்சாச்சு” என்கிறார், கொஞ்ச நேரம் கழித்து, “ஆ பிரிவுக்கு இறக்கக் கோணம் மட்டும் நிக்குது.” ஆக, 10 ஆ, கணக்கு, இறக்கக் கோணம், பக்கத்தில் ஆடியோ நேரம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தைப் போட்டுக் காட்டலாம்.

“பொருளடக்கத்தில் டிக் அடித்தால் போதும்” என்றவர் சொன்னது பாதி சரி: வரிசைக்கு அது உதவும், ஆனால் பாதியில் நிற்கும் பாடம் அதில் தெரியாது.

பிரசவ விடுப்பில் போன டீச்சரின் பாக்கியை யார் பெயரில் எழுதுவது? அது இன்னும் இழுபறிதான்.