கலைச்சொல் விவாதம்: ‘ரீப்ளெனிஷ்மென்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள்

சிவகாமி, பாலக்காடு

குழுவினருக்கு வணக்கம்.

நிமிடக் கணக்கில் வீட்டுக்குப் பொருள் கொண்டுபோகும் டார்க் ஸ்டோர் ஒன்றில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தமிழில் கையேடு தயாராகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். கோவைக் கிடங்கிலிருந்து வாளையாறு வழியாக ஒரு நாளைக்கு இரண்டு வண்டி சரக்கு வருகிறது.

மூலக் கையேட்டில் ஒரு பக்கம் “ரீப்ளெனிஷ்மென்ட் காலை 9 மணிக்கு மூடும்” என்கிறது. அடுத்த பக்கம் “ரீப்ளெனிஷ்மென்ட் மாலை 5 மணிக்குத் தொடங்கும்” என்கிறது. இரண்டுக்கும் ‘மறுநிரப்பல்’ என்றே போட்டால் படிக்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ஒவ்வொரு பொருளையும் எந்த எண்ணிக்கை வரை நிரப்ப வேண்டும் என்ற இலக்குக்கும் ஒரு சொல் வேண்டும்.

பொன்னம்பலம், சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)

அன்புள்ள சிவகாமி அம்மா, முதலில் ‘டார்க் ஸ்டோர்’ என்பதை முடிவு செய்யுங்கள். ‘இருட்டுக்கடை’ என்றால் தமிழ் படிக்கிற எவருக்கும் திருநெல்வேலி அல்வாதான் நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் உள்ளே வராத கடை என்பதே பொருள். ‘மறைகடை’ என்று வைக்கலாம். மற்றவை அதன்பின் தானே அமையும்.

அஸ்கர், கோவை

ஐயா, அம்மா கேட்டது கடையின் பெயர் இல்லைங்களே, நிரப்புகிற வேலையின் பெயர்.

என் பார்வையில் இது எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கீழ்வரம்பு இருக்கும். இருப்பு அதற்குக் கீழே போனதும் கிடங்குக்குக் கேட்புச் சீட்டு போகும். கடைசி ஏழு நாள் விற்பனையின் சராசரியை வைத்து வரம்பைப் போடலாம். ஆகவே அடிப்படைச் சொல் ‘கீழ்வரம்பு’. ‘மறுநிரப்பல்’ என்பதை இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டாலும் தவறில்லை என நினைக்கிறேன்.

தேன்மொழி, கோவை

வணக்கம். சரக்குத் திட்டமிடல் என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அஸ்கர் தம்பி சொல்லும் கீழ்வரம்பு முறை, நினைத்த நேரத்தில் வண்டி அனுப்ப முடிகிற இடத்துக்குப் பொருந்தும். இங்கே வண்டி நேரம் முன்கூட்டியே முடிவானது. மாலை ஏழு மணிக்கு எண்ணெய் வரம்புக்குக் கீழே போனால், அடுத்த வண்டி விடியற்காலைதான். மாநில எல்லை தாண்டி வருவதால் பட்டியலும் இ-வே பில்லும் ஏற்றிய எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். பில் போட்ட பிறகு இன்னொரு பெட்டியைத் தூக்கிப் போட்டு அனுப்ப முடியாது. அதனால்தான் கிடங்குக்கு அனுப்பும் கேட்பு, அதாவது சிவகாமி அம்மாவின் முதல் ‘ரீப்ளெனிஷ்மென்ட்’, மூடும் நேரம் அவ்வளவு கறாராக இருக்கிறது. இங்கே கேள்வி ‘எப்போது கேட்பது’ அல்ல, ‘இப்போது எவ்வளவு கேட்பது’.

ஒரு பொருளை எடுத்துப் பார்ப்போம்: ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்ப் பை. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. நாளொன்றுக்கு 24 பை போகிறது. காலை 6 முதல் 9 வரை 4, 9 முதல் மாலை 3 வரை 7, 3 முதல் இரவு 10 வரை 12, இரவு 10 முதல் காலை 6 வரை 1. இரவு 10 மணிக்கு மூடும் கேட்பு விடியற்காலை 5 மணிக்கு வந்து 6 மணிக்குள் அடுக்கப்படும். காலை 9 மணிக்கு மூடும் கேட்பு பகல் 2 மணிக்கு வந்து 3 மணிக்குள் அடுக்கப்படும்.

இரவு 10 மணிக்கு நாம் கேட்கும் எண்ணிக்கை எதுவரை தாங்க வேண்டும்? காலை 6 வரை அல்ல. அதற்கு அடுத்த வண்டியின் சரக்கு தட்டுக்கு வரும் மாலை 3 வரை. அந்த நேரத்தில் போவது 12 பை. காலை 9 மணிக் கேட்பு மறுநாள் காலை 6 வரை தாங்க வேண்டும். மாலைக் கூட்டம் முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது, ஆகவே 20 பை. விற்பனை ஏற இறங்க இருக்கும் என்பதற்காக மேலே கொஞ்சம் சேர்ப்போம்: முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 8. இரவு இலக்கு 18, காலை இலக்கு 28. ஒரே கடை, ஒரே எண்ணெய், இரண்டு இலக்கு. ஒரே எண்ணாக 18 வைத்தால் மாலை எட்டு மணிக்கு மேல் தீர்ந்துபோகும் நாட்கள் கூடும். 28 வைத்தால் காலை முழுவதும் இடம் அடைபடும். சிறிய கடையில் அந்த இடம் வேறொரு பொருளுக்கு வேண்டும்.

காலை 9 மணிக்கு இருப்பு 11 என்றால் தேவை 17. பெட்டிக்கு 12 பை என்றால், பெட்டியைப் பிரிக்காத கிடங்கு இரண்டு பெட்டியாக 24 அனுப்பும். வண்டி வருவதற்குள் 6 போயிருக்கும். மிச்சம் 5, வந்தது 24, ஆக 29. ஆர்டருக்குப் பொருள் எடுப்பவர் கை வைக்கும் தட்டில் 12 பைதான் நிற்கும் என்றால் மீதி 17 மேல் ரேக்குக்குப் போகும்.

சிவகாமி அம்மாவின் இரண்டாவது ‘ரீப்ளெனிஷ்மென்ட்’ இங்கேதான் பிறக்கிறது. மேலே இருப்பதைத் தட்டுக்கு இறக்கும் வேலை அது. 3 மணிக்குத் தட்டில் இருந்த 12 பை சாதாரண நாளிலேயே 10 மணி வாக்கில் தீரும். கூட்டம் கூடிய நாளில் எட்டரைக்கே தீரும். எடுப்பவருக்கு ஒரு ஆர்டர் முழுவதற்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான். ஸ்கேனர் தட்டு எண்ணைக் காட்டும், தட்டு காலி, ‘இல்லை’ என்று அழுத்திவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். அந்த அழுத்தலோடு செயலியில் எண்ணெய் ‘தீர்ந்தது’ ஆகிவிடும். தலைக்கு மேலே 17 பை இருக்கும். வண்டி, கேட்பு, கிடங்கு எல்லாம் சரியாக நடந்தும் வாடிக்கையாளருக்குப் பொருள் போகவில்லை.

ஆகவே இரண்டையும் ஒரே சொல்லால் எழுதாதீர்கள். பழுது எந்த இடத்தில் என்று தேடுகிறவர் கோவைக்குப் போன் போடுவார், பதில் தலைக்கு மேலே ரேக்கில் இருக்கும்.

முருகேசன், கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மளிகைக் கடை வெச்சிருக்கேன். எங்க கடையில மொத்தக்காரர் வண்டி செவ்வாய்க்கிழமை வரும். மூட்டை அடி தட்டுனா நோட்டுல எழுதிக்குவோம், அவ்வளவுதான். மட்டை அரிசியும் பொன்னியும் ரெண்டும் வெச்சே ஆகோணும், ஓணத்துக்கு முந்தி நேந்திரங்காயும் கூடப் போடோணும். இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு ஆகுமான்னு சொல்லுங்க.

வேலைக்குப் பேரு கேட்டீங்கன்னா, வண்டியில இருந்து வர்றதுக்கு ‘சரக்கு எறக்கறது’, குடோன்ல இருந்து முன்னாடி கொண்டு வர்றதுக்கு ‘தட்டு நிரப்பறது’ன்னுதான் எங்க பசங்க சொல்லுவாங்க.

அஸ்கர்

தேன்மொழி அக்கா, கீழ்வரம்பு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது வேலைக்கு அது பொருந்துமே? தட்டில் 4 பைக்குக் கீழே போனால் மேலிருந்து இறக்கு என்று ஸ்கேனரே சொல்லலாம். அங்கே வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தேன்மொழி

சரியாகச் சொன்னாய் தம்பி, கீழ்வரம்பின் இடம் அதுதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் மாலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் முப்பது பொருள் வரம்புக்குக் கீழே போகும். அந்த நேரம் வழியெல்லாம் எடுப்பவர்கள். ஏணியோடு ஒருவர் நுழைந்தால் ஆர்டர் எல்லாம் பின்னால் நிற்கும். அதனால்தான் கையேடு 5 மணி என்கிறது. வேகமாகப் போகும் பொருள்களை, வரம்பைத் தொட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட்டத்துக்கு முன்பே விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். கீழ்வரம்பு அதற்குப் பிறகு வரும் எதிர்பாராத குறைவுக்கு.

ஏழு நாள் சராசரி பற்றி ஒன்று. எட்டரைக்கு எண்ணெய் ‘தீர்ந்தது’ ஆனால் அதன்பின் விற்பனை சுழியம் என்று பதிவாகும். யாரும் கேட்கவில்லை என்று சராசரி அதைப் படிக்கும். இலக்கு குறையும், அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் தீரும். பொருள் செயலியில் தெரியாத மணிநேரங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சராசரி போட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இருப்பு 9 என்று திரை காட்டும், தட்டிலும் ரேக்கிலும் ஒன்றும் இருக்காது: உடைந்தது பதிவாகவில்லை, அல்லது பக்கத்துத் தட்டில் மாற்றி வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க முழுக் கடையையும் எண்ண வேண்டியதில்லை. மாலையில் மூன்று மணி நேரத்தில் ஐந்து பையாவது போகும் எண்ணெய், ‘இருக்கிறது’ என்று காட்டியும் ஒன்றுகூடப் போகவில்லை என்றால் அது இயல்பாக நடப்பது மிக அரிது. அந்த ஒரு தட்டை உடனே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

முருகேசன் அண்ணா, உங்களுக்கு வண்டி வாரம் ஒரு முறை. செவ்வாய்க்கிழமை எழுதும்போது அடுத்த வண்டி வரைக்கும் தாங்குமா என்று பார்ப்பதே இதே கணக்குதான். ஓணத்துக்கு முந்தைய வாரம் மட்டும் பழைய விற்பனையை நம்பாமல் போன ஓணத்துச் சீட்டைப் பாருங்கள்.

சிவகாமி

அண்ணா சொன்ன ‘தட்டு நிரப்பல்’ என்பதை இரண்டாவது வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். ‘தட்டு’ மலையாளத்திலும் இதே பொருளில் புழங்குவதால் பக்கத்தில் நிற்கும் மலையாளப் பையனுக்கும் விளங்கும். முதல் வேலைக்கு ‘வரத்துக் கேட்பு’ என்று போடுகிறேன். ‘சரக்கு இறக்குதல்’ வண்டி வந்த பிறகு நடப்பது, 9 மணிக்கு மூடுவது அதுவல்ல. எண்ணிக்கைக்கு ‘நிறைமட்டம்’ சரியாக இருக்குமா?

தேன்மொழி

‘நிறைமட்டம்’ வேண்டாமே. படிக்கிறவர் தட்டு நிறைகிற அளவு என்று எடுத்துக்கொள்வார். அது 12. நம் இலக்கு 18 அல்லது 28, தட்டு ரேக் இரண்டும் சேர்ந்து. ‘இலக்கிருப்பு’ என்றால் அந்தக் குழப்பம் வராது. “காலை இலக்கிருப்பு 28, இரவு இலக்கிருப்பு 18” என்று பட்டியலிலும் அழகாக நிற்கும்.

பொன்னம்பலம்

‘இலக்கிருப்பு’ நல்ல கூட்டு, புணர்ச்சியும் சரி. ஆனால் ‘வரத்துக் கேட்பு’ எனக்கு இடறுகிறது. ‘வரத்து’ என்றால் சந்தைக்கு வந்து சேர்ந்த சரக்கு. “வேலந்தாவளத்தில் தக்காளி வரத்து குறைவு” என்கிறோம். இன்னும் வராததைக் கேட்பதற்கு அந்தச் சொல் பொருந்துமா? ‘சரக்குக் கேட்பு’ போதாதா?

சிவகாமி

ஐயா, ‘சரக்குக் கேட்பு’ என்றால் வாடிக்கையாளர் செயலியில் போடும் ஆர்டரையும் அப்படியே எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. இப்போதைக்கு முதல் அச்சில் ‘கிடங்குக் கேட்பு’ என்று விட்டு, 9 மணி, 10 மணி என்ற நேரங்களைப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுகிறேன். அடுத்த அச்சுக்குள் யாருக்காவது இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.