கலைச்சொல் விவாதம்: ‘ஜீரோ கூப்பன்’, ‘இன்ஃப்ளேஷன் லிங்க்டு’ பத்திரங்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

தமிழ்ச்செல்வி, மஞ்சக்குப்பம்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்துக்காகச் சேமிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஜீரோ கூப்பன் பாண்ட்’, ‘இன்ஃப்ளேஷன் லிங்க்டு பாண்ட்’ என்ற இரண்டு இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘பூஜ்ஜியக் கூப்பன் பத்திரம்’ என்று எழுதிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டினேன். “கூப்பன் இல்லைன்னா ரேஷன் கடையில எப்படிம்மா குடுப்பான்?” என்று கேட்டுவிட்டார். ‘பணவீக்கம் இணைந்த பத்திரம்’ என்பதும் வீங்கிய பத்திரம் போலத்தான் இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள்.

கதிரவன், நெல்லிக்குப்பம்

அக்கா, முதலாவது ‘சுழியக் கூப்பன்’. இரண்டாவதற்கு ‘ஏறுவட்டிப் பத்திரம்’. விலைவாசி ஏறினால் வட்டி விகிதமும் கூடவே ஏறும், அவ்வளவுதான் விஷயம். கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவன் சொல்கிறேன், நம்பி எழுதுங்கள்.

அந்துவான், புதுச்சேரி

சுழியம் சரி தம்பி, கூப்பனை ஏன் விட்டுவைத்தீர்கள்? அது பிரெஞ்சுச் சொல். ‘கூப்பே’ என்றால் வெட்டுதல். அந்தக் காலத்துப் பத்திரத்தின் ஓரத்தில் தபால்தலைத் தாள் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கட்டத்தை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தத் தவணை வட்டி கையில் வரும். வெட்டிய துண்டுதான் கூப்பன். ஓலை நறுக்கு என்று நம்மிடம் சொல் இருக்கிறதே. கூப்பன் ‘நறுக்கு’ என்றால், ஜீரோ கூப்பன் ‘நறுக்கிலாப் பத்திரம்’.

முருகையன், கடலூர் முதுநகர்

எல்லாருக்கும் வணக்கம். சிப்காட்ல ஒரு கம்பெனியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். இந்தப் பத்திரம் எங்கே வாங்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனக்கிறேன். வாங்காதீங்க. 1996-ல 5,000 ரூபாய் கட்டினேன். 20 வருஷம் கழிச்சு ஒரு லட்சம்னாங்க. நடுவுல வட்டின்னு ஒரு காசு கெடையாது, கடைசியில மொத்தமா கைக்கு வரும். பொண்ணு கல்யாணத்துக்குன்னு டிரங்க் பெட்டியில வச்சேன். அஞ்சாவது வருஷம் கடுதாசி வருது, பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் பணத்தை வாங்கிக்கோன்னு. பத்தாயிரத்துச் சொச்சம் குடுத்தாங்க. ஒரு லட்சம் எங்கே சார் போச்சு?

வைத்தியநாதன், புதுச்சேரி

முருகையன் சார், உங்களை யாரும் கணக்கில் ஏமாற்றவில்லை. ஆனால் நீங்கள் எதை வாங்கினீர்களோ அதை முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். வங்கியில் கருவூலப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

5,000 ரூபாய் 20 வருஷத்தில் ஒரு லட்சம் ஆகவேண்டுமானால் வருஷத்துக்குச் சுமார் 16 சதவீதம் கூட்டுவட்டி. அதே வேகத்தில் ஐந்து வருஷம் ஓடினால் 10,570 ரூபாய் சுமாருக்கு வரும். உங்களுக்கு வந்தது அதுதான். ‘வேண்டுமானால் நாங்கள் இடையிலேயே திருப்பித் தந்துவிடுவோம்’ என்ற உரிமையை வெளியிட்டவர் பொடி எழுத்தில் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வட்டி இறங்கியதும் உங்களுக்கு 16 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

நீங்கள் வாங்கியதுதான் ஜீரோ கூப்பன் பத்திரம், அதன் உயிரே இங்கேதான் இருக்கிறது. சாதாரணப் பத்திரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அதை அன்றைக்கு என்ன வட்டி கிடைக்கிறதோ அதில்தான் மறுபடி போடமுடியும். வட்டி வராத பத்திரத்தில் அந்தக் கவலையே இல்லை. வாங்கிய அன்றே கடைசித் தொகை தெரிந்துவிடும். இன்றைக்கு 7 சதவீதம் என்றால், பத்து வருஷம் கழித்து வரும் 10,000 ரூபாயை 5,083 ரூபாய்க்கு வாங்கலாம். மிச்சம் 4,917 ரூபாய்தான் வட்டி. தனியாக ஒரு கட்டத்தை வெட்டி வாங்குவதில்லை. வெளியிட்டவரிடம் திருப்பி அழைக்கும் உரிமை இருந்தால் இந்த நிச்சயம் போய்விடும். வாங்குமுன் பொடி எழுத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று அவசியம் பார்க்கவேண்டும்.

நடுவில் விற்கவேண்டி வந்தால் வேறு சங்கடம். வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதம் ஆகிவிட்டால் அந்த 5,083 ரூபாய்ப் பத்திரம் 4,632-க்குத்தான் போகும். கிட்டத்தட்ட 9 சதவீதம் இழப்பு. வட்டி தரும் அதே காலத்துப் பத்திரம் 7 சதவீதத்துக்குள்தான் இறங்கியிருக்கும். முழுப் பணமும் கடைசி நாளில் இருப்பதால் வட்டி அசைந்தால் இது அதிகமாக அசையும். பணம் தேவைப்படும் தேதி நிச்சயமாகத் தெரிந்தவருக்கு மட்டும் இது பொருந்தும். மாதச் செலவுக்கு எதிர்பார்ப்பவருக்கு ஆகாது.

சொல்லுக்கு வருகிறேன். அந்துவான் ‘நறுக்கு’ என்றது எனக்குப் பிடித்திருக்கிறது. 2010 முதல் ரிசர்வ் வங்கி, அரசுப் பத்திரத்தை உரித்துப் பிரிக்கவும் விடுகிறது. பத்து வருஷப் பத்திரத்தில் இருபது அரையாண்டு வட்டியும் ஒரு முதலும் இருக்கும். பிரித்தால் 21 துண்டு. ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு தேதியோடு தானே ஒரு ஜீரோ கூப்பன் பத்திரம் ஆகிவிடுகிறது.

கதிரவன்

> ஒவ்வொரு துண்டும் தானே ஒரு ஜீரோ கூப்பன் பத்திரம்

அப்படியென்றால் நறுக்கே நறுக்கிலாப் பத்திரம் ஆகிறதே! அக்கா கையேட்டைப் படிப்பவர் வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். முருகையன் ஐயா வாயில் வந்ததே நல்ல சொல்: ‘கடைசியில மொத்தமா’. ‘மொத்த முதிர்வுப் பத்திரம்’.

வைத்தியநாதன்

வங்கியில் வட்டியைச் சேர்த்துக்கொண்டே போகும் வைப்பும் கடைசியில் மொத்தமாகத்தான் வருகிறது, தம்பி. அங்கே 10,000 போட்டு அதற்கு மேல் எடுக்கிறோம். இங்கே 10,000 என்று முகத்தில் எழுதியதைக் குறைத்து வாங்கி, 10,000-ஆக எடுக்கிறோம். அந்த வித்தியாசம் உங்கள் சொல்லில் விழவில்லை.

இன்னொன்று, ‘ஏறுவட்டி’ தவறு. அது சந்தை வட்டியோடு விகிதமே மாறும் மிதக்கும் வட்டிப் பத்திரத்தின் குணம். 2013 ஜூனில் நம் அரசு விட்ட விலைவாசிப் பத்திரத்தில் வட்டி விகிதம் 1.44 சதவீதம், முதிர்வு 2023. பத்து வருஷமும் அந்த விகிதம் அசையவில்லை, அசைந்தது முதல் தொகை. 10,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள், விலைக் குறியீடு 100-லிருந்து 106 ஆனது என்று வையுங்கள். முதல் 10,600 என்று எழுதப்படும். 1.44 சதவீதத்தை அதன்மேல் கணக்கிட்டால் வருஷத்துக்கு 152 ரூபாய் 64 காசு. அடுத்து குறியீடு 103-க்கு இறங்கினால் முதலும் 10,300-க்கு இறங்கும், வட்டி 148 ரூபாய் சொச்சம். கடைசி நாளில் குறியீடு தொடங்கிய இடத்துக்கும் கீழே கிடந்தால்கூட 10,000-க்குக் குறையாமல் தருவார்கள்.

கதிரவன்

சார், நான் முழுக்கத் தப்பில்லை. அதே 2013 டிசம்பரில் தனிநபர்களுக்காக விட்ட சேமிப்புப் பத்திரத்தை என் சித்தப்பா வாங்கினார். அதில் வட்டியே ‘1.5 சதவீதம், அதோடு பணவீக்கம்’ என்றுதான் இருந்தது. விகிதம் ஏறி இறங்கியது.

வைத்தியநாதன்

ஒப்புக்கொள்கிறேன், அதை மறந்துவிட்டேன். அதில் அரையாண்டு வட்டியைக் கையில் தராமல் முதலோடு சேர்த்துக் கடைசியில் கொடுத்தார்கள். அதாவது விலைவாசியோடும் ஒட்டியது, நடுவில் நறுக்கும் கிடையாது. 1997-ல் விட்டது இன்னொரு தினுசு: 6 சதவீத வட்டி, ஆனால் விலைவாசிக்கு ஏற்றுவது முதலை மட்டும்தான், வட்டியை அல்ல. டிசம்பர் பத்திரத்தில் விகிதமே ஏறியதால், ‘முதல் ஏறும் பத்திரம்’ என்று நான் மனதில் வைத்திருந்த சொல்லும் அடிபட்டுப்போனது.

தமிழ்ச்செல்வி

இதைப் படிக்கையில் கல்வெட்டில் வரும் ‘சாவா மூவாப் பேராடு’ நினைவுக்கு வருகிறது. நந்தா விளக்குக்குக் காசு வைக்காமல் 96 ஆடு விட்டுவைப்பார்கள். ஆடு குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்கும், விளக்குக்கு நெய்யும் வரும். நெய் என்ன விலை விற்றால் கோயிலுக்கு என்ன? நம் நெல் குத்தகையும் அப்படித்தான். ‘விலையொட்டிப் பத்திரம்’ என்று வைக்கலாமா?

அந்துவான்

ஆடு சரி டீச்சர். ஆனால் இங்கே அளப்பது ஆட்டை அல்ல, விலைக் குறியீட்டுக்காகப் பொறுக்கிய பொருள்களின் கூடையை. அது யாருடைய கூடை என்பதுதான் கேள்வி. பிரான்சு அரசு 1998-ல் இப்படி ஒரு பத்திரம் விட்டபோது, புகையிலை நீங்கலான விலைக் குறியீட்டோடு கட்டியது. சிகரெட் விலை எவ்வளவு ஏறினாலும் பத்திரத்துக்கு அது தெரியாது. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாள ஓய்வூதியம் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப அது என் விலைவாசி இல்லையே” என்றார்.

வைத்தியநாதன்

தாத்தா சொன்னதுதான் இங்கேயும் நடந்தது. 2013 ஜூன் பத்திரம் மொத்த விற்பனை விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டது. 2015 முழுக்க அந்தக் குறியீடு முந்தைய வருஷத்தைவிடக் கீழே கிடந்தது, கச்சா எண்ணெய் விழுந்ததால். அதே நேரத்தில் வீட்டுச் செலவை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீடு நான்கைந்து சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் பருப்பு வாங்கியவருக்கு விலை ஏறியது, பத்திரத்தில் முதல் இறங்கியது. கணக்கில் பிழையில்லை, கூடைதான் வேறு. அதனால் ‘விலையொட்டி’ என்றால் வாசிப்பவர் தன் வீட்டு விலை என்று நினைத்துக்கொள்வார். ‘குறியீடொட்டிப் பத்திரம்’ என்பேன். எந்தக் குறியீடு என்று கேட்கவாவது தோன்றும்.

முருகையன்

சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பென்ஷன் பி.எஃப். பென்ஷன். பஞ்சப்படி கெடையாது, ரிட்டயர் ஆன நாள்லேருந்து ஒரே தொகை. எனக்குத்தானே இந்த விலைவாசிப் பத்திரம் பொருந்தும்?

வைத்தியநாதன்

பொருந்தும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. தமிழ்ச்செல்வி டீச்சருக்கு அரசு ஓய்வூதியத்தில் பஞ்சப்படி ஏறிக்கொண்டிருக்கும், அவருக்கு இந்தக் காப்பு அவ்வளவு அவசரமில்லை. உங்களுக்குத்தான் தேவை. ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: 10,000-க்கு வருஷம் 152 ரூபாய். விலைவாசிக்கு ஈடு முதல் தொகையோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறது, கைக்கு வருவது முதிர்வு அன்றுதான். மாத மளிகைக்கு அது உதவாது. பத்து வருஷம் தொடாமல் வைக்கக்கூடிய பணம் கொஞ்சம் இருந்தால், அதன் வாங்கும் சக்தி கரையாமல் இருக்க இது உதவும். மீதிக்கு மாதமோ காலாண்டோ வட்டி தரும் இடம்தான் வேண்டும். பொண்ணு கல்யாணம் மாதிரி தேதியும் ரூபாயும் தெரிந்த செலவுக்கு உங்கள் பழைய பத்திரம் சரியான பொருள்தான். இப்போதைக்கு அரசிடம் புதிதாக வாங்கவேண்டுமானால், ஒரு வருஷத்துக்குள் முதிரும் கருவூல உண்டியல்கள் அந்த வகை. அவற்றில் நடுவில் திருப்பி அழைக்கும் பேச்சு இல்லை.

முருகையன்

கல்யாணம் முடிஞ்சு பேரனுக்கே எட்டு வயசு சார்.

கதிரவன்

இலங்கைப் பத்திரிகைகளில் பாண்டுக்கே ‘முறி’ என்றுதான் எழுதுகிறார்கள், ‘திறைசேரி முறி’. நாமும் எடுத்துக்கொண்டால் ‘நறுக்கிலா முறி’, ‘குறியீடொட்டு முறி’. சுருக்கமாக இருக்கிறது. ஏறுவட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அந்துவான்

முறியும் நறுக்கும் இரண்டுமே துண்டு. துண்டில்லாத் துண்டு என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

தமிழ்ச்செல்வி

அச்சகத்தார் வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். ‘நறுக்கிலாப் பத்திரம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘இடையில் வட்டி தராது, குறைந்த விலைக்கு வாங்கி முழுத் தொகையாக முதிர்வது’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். இன்னொன்றுக்கு எனக்கு இன்னும் ‘விலையொட்டி’தான் நாவில் நிற்கிறது. வைத்தியநாதன் ஐயா சொன்ன ஆபத்தும் தெரிகிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை எழுதுகிறேன். அதற்குள் 2013 டிசம்பர் பத்திரத்துக்கு, அந்த இரண்டும் கலந்ததுக்கு, யாராவது பெயர் யோசித்தால் அனுப்புங்கள்.