பின்சக்கர நட் மழுங்கிவிட்டால் எதிர்ச்சுருள் சாக்கெட்டா, உளியா?

குமரன்: என் பைக்கின் பின்சக்கர ஆக்ஸில் நட் 24 மி.மீ. அளவுடையது. பன்னிருமுனைச் சாக்கெட் வழுக்கியதில் அதன் மூலைகள் உருண்டுவிட்டன. உள்ளே எதிர்ச்சுருள் பிடி கொண்ட சாக்கெட்டை நம்பலாமா, உளியால் வெட்டிவிடுவதே மேலா?

தண்டபாணி: உளியே மேல். அந்தச் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்துத்தான் ஏற்ற வேண்டும். அந்த அடி பேரிங்கைக் கெடுக்கும். நட் எப்படியும் வீணாகத்தான் போகிறது.

மீனாட்சி: நட் வீணாகும் என்பது சரிதான், ஆனால் ஆக்ஸிலின் மரை வீணாகக் கூடாதே! உளி சற்று ஆழமாக இறங்கினால் மரையும் வெட்டுப்படும். நட் இறுகியிருக்கும்வரை ஏற்றும் அடி ஸ்விங் ஆர்ம், ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம் என ஒரே வரிசையில் கடந்துபோவதால், அளவோடு தட்டினால் குண்டுகளின் மேல் பெரிதாக விழாது.

குமரன், ஸ்பிலிட் பின் இருந்தால் முதலில் அதைக் கழற்றி, மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். கையால் தள்ளினால் நுழையாமல், தட்டினால் மட்டும் இறுக்கமாக ஏறும் அளவைத் தேர்ந்தெடுங்கள். ஆக்ஸில் நுனி நட்டுக்கு வெளியே நீண்டிருப்பதால் சாக்கெட்டின் உள் ஆழத்தை முன்பே அளந்து பாருங்கள். நுனி அடியில் இடித்தால் சுருள் நட்டைக் கவ்வாது. தட்டும்போது ஓசை மந்தமாக இல்லாமல் கணீரென்று மாறி, சாக்கெட் மேலும் இறங்க மறுத்தால், அது அமர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு ஆக்ஸிலின் மறுமுனையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, நீண்ட கைப்பிடியால் இடப்புறமாக ஒரே சீராக இழுங்கள்.

தண்டபாணி: துருப்பிடித்த நட்டைச் சற்று இறுக்கிவிட்டுத் தளர்த்தினால் எளிதில் விடும். அதையும் சொல்லியிருக்கலாம்.

மீனாட்சி: சாதாரணச் சாக்கெட்டுக்கு அது நல்ல வழிதான். இதில் சுருள் இடப்புறம் திருப்பினால்தான் நட்டுக்குள் கடித்து இறங்கும். வலப்புறம் திருப்பினால் கழன்று வெளியே வந்துவிடும், கடித்த தடமும் கெடும்.

ரஹ்மான்: என் ஸ்கூட்டரில் இதே சாக்கெட் நன்றாகக் கடித்தது, ஆனாலும் இழுக்கும்போதெல்லாம் சக்கரமே சுற்றியது. மறுமுனையில் ஸ்பேனர் வைக்க இடமே இல்லையே?

மீனாட்சி: உங்களுடையது வேறு அமைப்பு, ரஹ்மான். அங்கே தண்டும் சக்கரமும் சேர்ந்தே சுழலும். வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

குமரன்: சாக்கெட் ஏறிக் கடித்தது, நட்டும் கழன்றுவிட்டது. இப்போது நட் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கியிருக்கிறது.

மீனாட்சி: சதுரத் துளை வழியாக ஓர் இரும்புத் தண்டை விட்டுத் தட்டுங்கள், வெளியே வந்துவிடும். புதிய நட்டைக் கையால் கடைசிவரை திருகிப் பாருங்கள். நடுவில் இறுகினால் மரை அடிபட்டிருக்கிறது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட் என்றால், நுனி வளையத்தைத் தொடும்வரை மட்டுமே கைக்கு இலகுவாகப் போகும்.

தண்டபாணி: உங்களுக்குக் கழன்றதில் மகிழ்ச்சி. ஆனால் மூலை மட்டுமல்லாமல் பக்கங்களும் தேய்ந்து முழு வட்டமாகிவிட்ட நட்டில் இது கடிக்கும் என்று நான் இன்னும் ஏற்கவில்லை.

மீனாட்சி: அடுத்த சிறிய அளவு ஏறினால் கடிக்கும். அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தால் நட் ஸ்பிளிட்டர்தான் என் தேர்வு, உளி அல்ல.