68 சதவீத அட்டெண்டன்ஸ், பரீட்சை எழுதலாமா? கல்லூரிக் கையேட்டுக் கேள்வி-பதில் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

பேட்டைக்காரன்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு, மாணவர் கையேட்டை வைத்துப் பதில் சொல்லும் வசதி செய்துகொண்டிருக்கிறோம். கையேடு ஆங்கிலத்தில், பிடிஎஃபாக இருக்கிறது. கேட்கிறவர்களில் பலர் தமிழில் கேட்கிறார்கள், அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கமிருந்து பெற்றோரும் கேட்கிறார்கள். எங்களை ரொம்பப் பாடுபடுத்தியது ஒரே ஒரு கேள்வி: "எனக்கு 68 சதவீதம்தான் அட்டெண்டன்ஸ் இருக்கு, பரீட்சை எழுத விடுவாங்களா?"

கையேட்டில் இதற்குத் தெளிவான அட்டவணையே இருக்கிறது. 75 இருந்தால் நேராக எழுதலாம், 65 முதல் 74 வரை துறைத்தலைவர் பரிந்துரையோடு காண்டொனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம், 50 முதல் 64 வரை என்றால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுதணும், அதற்கும் கீழே போனால் செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். ஆனால் வந்த பதில், "75 சதவீதம் கட்டாயம், எனவே நீங்கள் எழுத முடியாது." நல்ல தமிழில், தயக்கமே இல்லாமல். இதை நம்பி ஒரு பிள்ளை கட்டணம் கட்டும் கடைசித் தேதியை விட்டால் ஒரு பரீட்சையே போய்விடும்.

மாடல் கற்பனை பண்ணுகிறது என்றுதான் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். மாடலைத் தொடாமல், அதற்கு முன்னால் தேடல் கையேட்டின் எந்தத் துண்டுகளை எடுத்துக் கொடுக்கிறது என்று மட்டும் திரையில் போட்டுப் பார்த்தோம்.

```python
q = model.encode("query: " + kelvi, normalize_embeddings=True)
p = model.encode(["passage: " + t for t in thundugal],
                 normalize_embeddings=True)
s = p @ q
for i in s.argsort()[::-1][:5]:
    print(round(float(s[i]), 3), thundugal[i][:80])
```

முதலில் வந்தது பொது விதி, "75 சதவீதம் வேண்டும்" என்கிற பத்தி. நமக்கு வேண்டிய வரிசை முதல் ஐந்தில் இல்லவே இல்லை. பிடிஎஃபிலிருந்து எடுத்தபோது அது இப்படி ஆகிக் கிடந்தது:

```
65% - 74%   HOD recommendation   Condonation fee
```

இதில் அட்டெண்டன்ஸ் என்ற சொல்லும் இல்லை, பரீட்சை என்ற சொல்லும் இல்லை. அட்டவணையின் தலைப்பு முந்தின பக்கத்தில் வேறொரு துண்டில் போய் உட்கார்ந்துவிட்டது. 68 என்பது 65க்கும் 74க்கும் நடுவில் வரும் என்ற கணக்கும் எம்பெடிங்குக்குத் தெரியாது, அது பொருள் எவ்வளவு நெருக்கம் என்றுதான் பார்க்கும். அப்புறம் மாடல் என்ன செய்யும், கையில் கிடைத்ததை வைத்துப் பதில் சொல்லிவிட்டது.

கையேட்டில் அட்டவணைகள் குறைவுதான் என்பதால் ஒவ்வொரு வரிசையையும் கையாலேயே முழு வாக்கியமாக எழுதினோம். ஆங்கிலத்தில்தான் எழுதினோம், தமிழில் சொன்னால், "வருகைப்பதிவு, செமஸ்டர் தேர்வு எழுதும் தகுதி: 65 முதல் 74 சதவீதம் வரை உள்ள மாணவர் துறைத்தலைவர் பரிந்துரையுடன் காண்டொனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம்." இப்போது அந்தக் கேள்விக்கு நாலு வரிசையும் சேர்ந்து வருகின்றன, 68 எதில் விழும் என்று மாடல் சரியாகப் பார்த்துச் சொல்கிறது. இதே மாதிரி செய்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

வண்ணார்பேட்டை தம்பி

அண்ணாச்சி, இதுக்கு ஏன் கையால் எழுதணும்? துண்டைப் பெரிசாக்குங்க. பக்கம் முழுக்க ஒரே துண்டா வைத்தால் தலைப்பும் வரிசையும் ஒண்ணாவே இருக்கும். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

ஆலங்குளம் அக்கா

தம்பி, தலைப்பும் வரிசையும் ஒன்றாக இருக்கணும் என்பது சரி. ஆனால் எம்பெடிங் மாடல் எவ்வளவு நீளம் படிக்கும் என்று பார்த்தீங்களா? `paraphrase-multilingual-MiniLM-L12-v2` எடுத்தால் அது 128 டோக்கன் வரைதான் படிக்கும், மிச்சத்தை ஓசையில்லாமல் வெட்டிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. பக்கம் முழுக்கக் கொடுத்தால் மேலே நாலைந்து வரிதான் உள்ளே போயிருக்கும். அந்த மாடல் ஆதரிக்கும் மொழிப் பட்டியலில் தமிழே கிடையாது என்பது இன்னொரு விஷயம்.

சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தின் பின்பாதியை அழித்துவிட்டு மறுபடி எம்பெடிங் எடுங்க. இரண்டு வெக்டரும் ஒன்றாகவே இருந்தால் பின்பாதியை அது படிக்கவே இல்லை என்று அர்த்தம். நான் `multilingual-e5-small` வைத்திருக்கிறேன், அது 512 டோக்கன் வரை படிக்கும், தமிழும் உண்டு. பேட்டைக்காரர் போட்டிருக்கிற `query: `, `passage: ` முன்னொட்டு இதற்குக் கட்டாயம், விட்டால் தேடல் மந்தமாகிவிடும்.

வண்ணார்பேட்டை தம்பி

பின்பாதியை அழித்துப் பார்த்தேன் அக்கா. வெக்டர் மாறவே இல்லை. இன்றைக்கு ராத்திரி எல்லாவற்றையும் மறுபடி வெட்டணும்.

தென்காசி மெக்கானிக்கல்

கையேட்டை மாடலுக்குப் பயிற்சி கொடுக்க எத்தனை ஜிபியு வாங்கினீங்க? எங்கள் கல்லூரியில் பட்ஜெட் கேட்கிறார்கள்.

பேட்டைக்காரன்

பயிற்சியே கொடுக்கவில்லை சார். கேள்வி வரும்போது பொருத்தமான துண்டுகளைத் தேடி எடுத்து, அதோடு சேர்த்துக் கேட்கிறோம், அவ்வளவுதான். கையேடு மாறினால் துண்டுகளை மட்டும் புதுப்பித்தால் போதும். எம்பெடிங் மாடல் எங்களுடைய சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது.

ஆபீஸ் ஜன்னல்

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன், புரோகிராம் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18ல் வெள்ளம் வந்ததே, அதற்கு அப்புறம் ஜன்னலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி, வெள்ளத்தில் வர முடியாத நாள் அட்டெண்டன்ஸில் கழியுமா என்று. இங்கே போன வருடம் ஒரு சாட்பாட் வைத்தார்கள். நான் இதையே கேட்டுப் பார்த்தேன். மருத்துவ விடுப்பு விதியைச் சொல்லி, சான்றிதழ் கொண்டு வரச் சொன்னது. கையேட்டில் வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. தெரியாது, ஆபீஸில் கேளுங்க என்று அதைச் சொல்ல வைக்க முடியாதா?

வண்ணார்பேட்டை தம்பி

தேடலில் துண்டுக்கு வரும் மதிப்பெண் 0.5க்குக் கீழே போனால் பதில் சொல்லாதே என்று வைத்துவிடலாம் சார்.

ஆலங்குளம் அக்கா

இ5 மாடலில் அது நடக்காது. சம்பந்தமே இல்லாத துண்டுக்குக்கூட 0.7க்கு மேல்தான் வரும், எல்லாம் 0.7க்கும் 1க்கும் நடுவிலேயே நெருக்கியடித்து நிற்கும். கையேட்டில் உள்ள கேள்விகள் கொஞ்சம், இல்லாத கேள்விகள் கொஞ்சம் எழுதி மதிப்பெண்ணை ஒப்பிட்டுத்தான் கோடு போடணும். நான் பார்த்தவரை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துதான் கிடந்தது, நல்ல இடம் கிடைக்கவில்லை.

அதனால் வேறு மாதிரி செய்தேன். பதிலோடு, எந்த வாக்கியத்தை வைத்துச் சொல்கிறாயோ அதை எழுத்து மாறாமல் எடுத்துக் கொடு என்று மாடலிடம் கேட்கிறோம், அந்த வாக்கியம் துண்டில் நிஜமாகவே இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்கும், இல்லையென்றால் ஆபீஸைக் கேட்கச் சொல்லிவிடும். இட்டுக்கட்டியது இதில் மாட்டும். ஆனால் உங்கள் வெள்ளக் கேள்வி மாட்டாது சார். மருத்துவ விடுப்பு வாக்கியம் கையேட்டில் உண்மையிலேயே இருக்கிறதே. இதற்கு எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

ஆபீஸ் ஜன்னல்

அப்போ பரீட்சை எழுதலாமா கூடாதா என்று அது முடிவு சொல்லவே வேண்டாம் மேடம். விதி இது, பக்கம் இது என்று காட்டினால் போதும். கையேடு ஜூனில் அச்சாகும், நடுவில் வரும் சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் இருக்கும். கட்டணத் தேதி மாறினாலும் அதில்தான் வரும்.

பேட்டைக்காரன்

சுற்றறிக்கையைத் தேதியோடு துண்டாகச் சேர்த்துப் பார்த்தோம். பழைய விதியும் புதிய விதியும் ஒரே நேரத்தில் மேலே வருகின்றன, சில தடவை மாடல் பழையதைப் பிடித்துக்கொள்கிறது. இப்போதைக்கு அட்டெண்டன்ஸ், கட்டணம் இரண்டுக்கும் விதியையும் பக்க எண்ணையும் பெரிதாக மேலே காட்டிவிட்டு, பதிலைக் கீழே சின்னதாகப் போடுகிறோம். முடிவே சொல்லக் கூடாது என்பதில் எங்கள் குழுவில் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. பழைய விதி எந்தச் சுற்றறிக்கையால் மாறியது என்று இணைத்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்க.